‘பக்கம்’ என்ற சொல்லுக்கு இரண்டு வாய்: விளையாட்டுப் பாத்திரங்களின் உதட்டசைவும் தமிழ் ஒலிகளும்

ஒரு கணினி விளையாட்டில் வயதான படகோட்டி ஒருவர் வருகிறார். கரையில் நிற்கும் சிறுவனைப் பார்த்து, “தம்பி, அந்தப் பக்கம் போகாத! வா, இந்தப் பக்கம்” என்கிறார். குரல் நடிகர் பேசிக் கொடுத்த ஒலிக்கோப்பு தயார். படகோட்டியின் முகமும் அவருக்கான ஏழெட்டு வாய்வடிவங்களும் தயார். எந்த வடிவம் எந்தக் கணத்தில் வந்து எந்தக் கணத்தில் போக வேண்டும் என்பதுதான் மிச்சம். இந்த நேரக்கணக்கு சரியாக அமைந்தால் பார்ப்பவர்கள் வாயைக் கவனிப்பதே இல்லை. தவறினால் வசனம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது வேறு யாரோ பின்னாலிருந்து பேசுவதுபோல ஆகிவிடுகிறது.

இதற்கு இதுவரை கண்ட வழிகள் எவை, அவை எங்கே உடைகின்றன, தமிழ் பேசும் பாத்திரத்துக்கு அவற்றில் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை மாற்ற வேண்டும் என்று இங்கே பார்ப்போம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாய்வடிவங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் கிடைக்கும் பலன் குறைவு. உதடுகள் மூடும் சில கணங்களைத் துல்லியமாகப் பிடிப்பதால் கிடைக்கும் பலன் மிக அதிகம். அந்தக் கணங்களை வசனத் தாளில் இருக்கும் எழுத்தைப் பார்த்துத் தேடினால் தமிழில் நிச்சயம் ஏமாறுவோம்.

மிகப் பழைய, மிக எளிய வழி ஒலியின் உரப்பை அளந்து வாயைத் திறப்பது. 1998இல் வந்த ‘ஹாஃப்-லைஃப்’ விளையாட்டில் பாத்திரங்கள் அப்படித்தான் பேசின. குரல் உரக்க இருந்தால் தாடை இறங்கும், ஓய்ந்தால் ஏறும். எந்த மொழிக்கும் பொருந்தும், கணக்கும் மிகக் குறைவு. தொலைவில் நிற்கும் கூட்டத்துக்கு இன்றும் இது போதும். ஆனால் பேச்சில் உரப்பும் திறப்பும் ஒன்றல்ல. ‘ம்’ சொல்லும்போது உதடுகள் இறுக மூடியிருக்கின்றன. குரல்நாண்களோ அதிர்ந்துகொண்டே இருப்பதால் மூக்கு வழியாக நல்ல ஒலி வருகிறது. உரப்பை மட்டும் அளக்கும் நிரல் அங்கே வாயைத் திறந்து வைக்கும். ‘அம்மா’ என்ற சொல்லை இந்த முறையில் ஓட்டிப் பார்த்தால், உதடுகள் ஒட்டவே ஒட்டாமல் ஒரு பாத்திரம் அம்மாவை அழைப்பதைக் காணலாம்.

அதே நிறுவனம் 2004இல் ‘ஹாஃப்-லைஃப் 2’ வெளியிட்டபோது அணுகுமுறையை முழுக்க மாற்றியது. வசனத்தின் உரையையும் ஒலியையும் சேர்த்து வைத்து ஒலியன்களைப் பிரித்து, ஒவ்வொன்றின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்து, அதற்கேற்ப முகத் தசைகளை இயக்கினார்கள். ஒலியனிலிருந்து வாய்வடிவத்துக்குப் போகும் இந்தப் பாதையில்தான் பெரும்பாலான விளையாட்டுகள் இன்றும் நடக்கின்றன.

ஒலியன்கள் எத்தனை இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும் வடிவங்கள் குறைவு. இந்தக் கண்ணுக்குத் தெரியும் அலகுக்கு ‘வைசீம்’ என்று 1968இல் பெயரிட்டார் ஃபிஷர். ஹன்னா-பார்பெரா ஸ்டூடியோவின் கார்ட்டூன் தொடர்களில் ஆறு வாய்களே போதுமானவையாக இருந்தன. ரூபார்ப் என்ற இலவச மென்பொருள் அந்த ஆறையும் அடிப்படையாக வைத்து, வேண்டுமானால் சேர்த்துக்கொள்ள மூன்றைக் கூடுதலாகத் தருகிறது. ஆக்யுலஸ் கருவிகளுக்கான லிப் சிங்க் நிரல் பதினைந்து வைத்திருக்கிறது.

தமிழுக்கு எத்தனை வேண்டும்? எழுத்து 247 என்று மிரள வேண்டியதில்லை. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு. இவற்றை வாயின் தோற்றத்தை வைத்துப் பிரிக்கும் வேலையில் பாதி தொல்காப்பியத்தின் பிறப்பியலிலேயே நடந்திருக்கிறது. உதடுகள் ஒன்றையொன்று பொருந்தப் பிறப்பவை ப, ம. மேற்பல்லும் உதடும் பொருந்தப் பிறப்பது வ. இதழ் குவிந்து வருபவை உ, ஊ, ஒ, ஓ, ஔ. வாய் திறந்தாலே வருபவை அ, ஆ. இ, ஈ, எ, ஏ, ஐ ஒரு குழு. அனிமேஷன் செய்பவருக்குத் தேவையான பட்டியலும் ஏறத்தாழ இதுவே. நான் பரிந்துரைப்பது எட்டு வடிவங்கள்: ப, ம இரண்டுக்கும் மூடிய வாய், வகரத்துக்குப் பல்லைத் தொடும் கீழுதடு, உ, ஊ இரண்டுக்கும் சிறு குவிப்பு, ஒ, ஓ இரண்டுக்கும் பெருங்குவிப்பு, ஆகாரத்துக்கு முழுத் திறப்பு, அகரத்துக்கும் எகரத்துக்கும் அரைத் திறப்பு, இகரத்துக்கும் ச, ஞ, ஸ, ஜ போன்றவற்றுக்கும் பற்கள் நெருங்கி உதடு விரிந்த வாய், எட்டாவது, சும்மா இருக்கும் வாய்.

க, ட, ண, ள, ழ, ற ஆகியவற்றுக்கு இதில் இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். மறந்துபோய் விட்டதல்ல. இவை நாக்கால் வாய்க்குள் நடப்பவை. முகத்தை மிக அருகில் காட்டி, வாயும் அகலத் திறந்திருந்தால் மட்டுமே நாக்கு தெரியும். மற்றபடி இந்த மெய்கள் வரும்போது உதடு பக்கத்து உயிரின் வடிவத்தையே ஏந்தி நிற்கிறது. ‘கூடு’ சொல்லத் தொடங்கும்போதே உதடு குவிந்துவிடுகிறது, ககரத்துக்கென்று அது தனியாக எதுவும் செய்வதில்லை. ஒவ்வொரு மெய்க்கும் ஒரு வடிவம் கொடுத்தே தீருவது என்று இறங்கினால் வாய் துடித்துக்கொண்டே இருக்கும். புதிதாகச் செய்பவர்களின் வேலையில் முதலில் தென்படும் குறை இதுதான்.

எந்த வடிவம் பிசகினால் மன்னிக்கலாம், எது பிசகினால் மன்னிக்க முடியாது என்பதற்கும் நல்ல விடை இருக்கிறது. 1976இல் மெக்கர்க்கும் மெக்டொனால்டும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ‘பா’ என்ற ஒலியை, ‘கா’ சொல்லும் உதடுகளின் படத்தோடு சேர்த்து ஓட்டினார்கள் (இரண்டும் ஆங்கிலத்தின் மெல்லோசை வடிவங்கள்). பார்த்தவர்களில் பெரும்பாலோர் ‘டா’ போன்ற மூன்றாவது ஒலி ஒன்றைக் கேட்டதாகச் சொன்னார்கள். உதடு மூடவில்லை என்று கண் கண்டுவிட்டதால், காதில் விழுந்த ‘பா’வை மூளை ஏற்க மறுத்தது. ஆகவே மூடாத பகரம் வெறும் அழகுக் குறையல்ல. வசனத்தையே தவறாகக் கேட்க வைக்கக்கூடியது. அரைத் திறப்புக்கும் முழுத் திறப்புக்கும் உள்ள வேறுபாட்டில் கண் அவ்வளவு கண்டிப்பு காட்டுவதில்லை.

டொரான்டோ பல்கலைக்கழகத்தில் உருவாகி 2016இல் வெளியான ஜாலி என்ற முறை இதைச் சில உறுதியான விதிகளாகவே எழுதி வைத்திருக்கிறது. ப, ம வகை வந்தால் உதடு மூடியே ஆக வேண்டும், பேச்சு எவ்வளவு வேகமாக இருந்தாலும் சரி. வகர வகைக்குக் கீழுதடு பல்லைத் தொட வேண்டும். நாக்கு மட்டும் வேலை செய்யும் ஒலிகள் உதட்டின் வடிவத்தைத் தொடக் கூடாது. ஒரே வடிவம் அடுத்தடுத்து வந்தால் இரண்டும் ஒன்றே. குவிப்பு போன்ற உதட்டு வேலைகள் முன்னதாகத் தொடங்கித் தாமதமாக முடியும். 2020இல் வந்த ‘சைபர்பங்க் 2077’ இந்த முறையில்தான் பத்து மொழிக் குரல்களுக்கும் தனித்தனியே உதட்டசைவு செய்தது. டப்பிங் படங்களில் நடப்பதற்கு இது நேர்மாறு. படத்தில் உதடு ஏற்கெனவே பதிவாகிவிட்டது. அங்கே மூடும் இடத்தில் பகரமோ மகரமோ வரும் தமிழ்ச்சொல்லைத் தேடுவது டப்பிங் எழுத்தாளரின் பாடு. விளையாட்டில் முகம் நம் கையில் இருப்பதால் தமிழை வளைக்கத் தேவையில்லை.

இப்போது தமிழின் சிக்கலுக்கு வருகிறேன். எழுதுவதற்கும் பேசுவதற்கும் நம் மொழியில் உள்ள இடைவெளி உதட்டில் வெளிப்படையாகத் தெரியும்.

முதலில் சொல்லின் முடிவில் வரும் மகரம். ‘மரம்’, ‘பணம்’, ‘வரோம்’ என்று எழுதுகிறோம். பேச்சில் இவற்றின் கடைசியில் பெரும்பாலும் உதடு ஒட்டுவதில்லை. மூக்கொலி கலந்த உயிராக, அதுவும் ஒகரத்தை நோக்கிச் சற்றே குவிந்ததாகச் சொல் முடிந்துவிடுகிறது. கண்ணாடி முன் நின்று, செய்தி வாசிப்பதுபோல் அல்லாமல் வீட்டில் பேசுவதுபோல், “எவ்வளவு பணம்?” என்று கேட்டுப் பாருங்கள். வசனத் தாளிலிருந்து ஒலியன்களை எடுக்கும் நிரல் அங்கே வாயை இறுக மூடும். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் பாத்திரம் எதையோ விழுங்குவதுபோலத் தோன்றும். ஆனால் அதே மகரத்துக்கு அடுத்து ஒரு பகரமோ மகரமோ வந்தால் உதடு கட்டாயம் மூடும். பாத்திரம் செந்தமிழில் பேசும் அரசவைப் புலவராக இருந்தால் எல்லா இடத்திலும் மூடலாம். ஆக, விதி எழுத்தில் இல்லை. யார், எந்த நடையில், அடுத்து எந்த ஒலி வரப் பேசுகிறார் என்பதில் இருக்கிறது.

அடுத்து குற்றியலுகரம். ‘பாட்டு’, ‘காசு’, ‘அஞ்சு’ போன்ற சொற்களின் இறுதி உகரத்தை ஒலிக்கும்போது உதடு குவிவதில்லை. எழுத்தில் உகரம் இருப்பதால் அட்டவணை குவிந்த வாயைத் தரும். தமிழில் வசனத்துக்கு வசனம் இப்படி முடியும் சொற்கள் வருவதால், பாத்திரம் பேசும் நேரமெல்லாம் முத்தமிடத் தயாராவதுபோல இருக்கும். ‘பசு’, ‘குரு’ போன்ற முற்றியலுகரச் சொற்களில் குவிப்பு உண்டு. பள்ளி இலக்கணத்தில் படித்த இந்தப் பிரிவு இங்கே அப்படியே நிரலில் ஒரு நிபந்தனையாக எழுதத்தக்கது.

மூன்றாவது, உயிரே மாறிவிடும் இடங்கள். ‘பிடி’ என்று தாளில் இருந்தாலும் நடிகர் ‘புடி’ என்பார். விரிந்த வாய் குவிந்த வாயாகிறது. ‘இடம்’ ‘எடம்’ ஆகிறது. ‘உடம்பு’ ‘ஒடம்பு’ ஆகிறது. ஆகவே ஒலியன் பட்டியலைத் தயாரிக்கும்போது நடிகர் சொன்னதைக் கேட்டு, கேட்டபடியே எழுத வேண்டும். ஒரு மணி நேர வசனத்துக்கு இது அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்து நல்ல பலன் பெற்ற எவரையும் நான் பார்த்ததில்லை.

படகோட்டியின் வசனத்தை எடுத்து முழுதாகச் செய்து பார்ப்போம். பிராட் என்ற இலவச ஒலி ஆய்வு மென்பொருளில் கோப்பைத் திறந்து, அலைவடிவத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு ஒலியும் தொடங்கும் இடத்தைக் குறிக்கிறோம். வசனங்கள் அதிகமென்றால், உரையையும் ஒலியையும் பொருத்தித் தரும் மொன்ட்ரியல் ஃபோர்ஸ்டு அலைனர் போன்ற கருவியை நம் சொந்தப் பதிவுகளைக் கொண்டே பயிற்றுவிக்கலாம். ஒன்றிரண்டு வசனத்துக்குக் கையே வேகம். ‘தம்பி’ என்ற முதல் சொல்லின் குறிப்பு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நெடுவரிசை வினாடி. இரண்டாவது ரூபார்ப் பயன்படுத்தும் வடிவப் பெயர்: X ஓய்வு, B பல் நெருங்கிய வாய், C அரைத் திறப்பு, A மூடிய வாய்.

```
0.00	X
0.10	B
0.14	C
0.22	A
0.33	B
0.47	X
```

‘ம்’, ‘ப்’ இரண்டும் சேர்ந்து ஒரே A ஆனதைக் கவனிக்கலாம். தனித்தனி வரிகளாக விட்டால், ஒரு வடிவத்திலிருந்து அடுத்ததற்கு மெல்ல மாற்றும் நிரல் இரண்டுக்கும் நடுவே வாயைச் சிறிது திறந்துவிடக்கூடும். மூடல் 0.22இல் தொடங்குகிறது. அங்கே அலைவடிவத்தின் உயரம் குறைந்து மகரத்தின் சீரான அலை தெரியும். 0.33இல் பகரம் வெடிக்கிறது. அலையில் கூரான ஒரு முள் எழும். இந்த இரண்டு இடங்களும் ஆணி அடித்தவை, மற்றவற்றைச் சற்று நகர்த்தலாம்.

அடுத்து “அந்தப் பக்கம் போகாத”. ‘தப் ப’ என்ற இடத்தில் எழுத்தில் இரண்டு பகரம். வாயில் ஒரே நீண்ட மூடல், 0.95இலிருந்து 1.11 வரை. இரட்டித்த மெய்க்குத் தனி மெய்யைவிட ஏறத்தாழ இரு மடங்கு நேரம் கொடுக்க வேண்டும். ‘அபாயம்’ என்பதிலுள்ள பகரத்துக்கும் ‘அப்பா’விலுள்ள பகரத்துக்கும் கண்ணால் தெரியும் வேறுபாடு இந்த நேரம் ஒன்றே. பிறகு 1.19இலிருந்து 1.34 வரை ‘க்க’. இங்கே ஒலி நின்றுபோகிறது; உதடு நிற்பதில்லை, மூடுவதுமில்லை, அகரத்தின் வாயிலேயே இருக்கிறது. அலையில் மௌனம் தெரிகிறதே என்று இங்கே வாயை மூடினால் ‘பக்கம்’ ‘பப்பம்’ ஆகிவிடும். உரப்பை அளக்கும் பழைய முறை செய்யும் இன்னொரு பெரிய பிழை இது.

1.40இல் ‘பக்கம்’ என்பதன் இறுதி மகரம். அடுத்து ‘போ’ வருவதால் உதடு மூடுகிறது. மகரமும் பகரமும் ஒரே மூடலாக 1.53 வரை நிற்கின்றன. இந்த மூடல் ‘தம்பி’யில் வந்த மூடலைப் போன்றதன்று. ‘பி’க்கு முன் உதடு விரிந்து மூடியிருக்கும், ‘போ’வுக்கு முன் மூடியபடியே முன்னுக்குத் துருத்திக் குவியும். அடுத்த உயிர் இப்படி மெய்க்குள் முன்கூட்டியே நுழைவதை 1966இல் ஓமான் அளந்து காட்டினார். 1993இல் கோஹனும் மசாரோவும் ஒவ்வொரு ஒலிக்கும் ஏறி இறங்கும் செல்வாக்கு வளைவு ஒன்றைக் கொடுத்து, ஒன்றின் மேல் ஒன்று படிய விட்டு, அனிமேஷனுக்கான கணக்காக்கினார்கள். முப்பரிமாண முகத்தில் பிளெண்ட்ஷேப் இருந்தால், மூடலை முழு அளவிலும் குவிப்பைப் பாதிக்கு மேலும் ஒன்றாக ஏற்றினால் போதும். படங்களை மாற்றி மாற்றிக் காட்டும் இருபரிமாணப் பாத்திரத்தில் இது முடியாது, கண்ணும் அங்கே அவ்வளவு எதிர்பார்ப்பதில்லை.

ஓகாரம், ககரம், ஆகாரம், பிறகு ‘த’ என்ற முடிவு. சிறு இடைவெளிக்குப் பின் 2.40இல் ‘வா’. கீழுதடு பல்லைத் தொட்டு விலகுவதற்கு 70 மில்லிவினாடி. தமிழ் வகரம் ஆங்கில எஃப் போல அழுத்தமானதல்ல. பாத்திரம் ஆங்கிலத்துக்காக வரையப்பட்டதாக இருந்தால் அந்த வடிவத்தைப் பாதி அளவில் வைப்பதே சரி.

கடைசியாக “இந்தப் பக்கம்”. ‘தப் ப’ மூடல் 3.09இலிருந்து 3.25 வரை. ‘க்க’ 3.49இல் முடிகிறது. அதன் பின் ‘அம்’. இம்முறை அடுத்து எதுவும் இல்லை. குரல் மூக்கு வழியாக 3.70 வரை தேய்கிறது, வாயோ மூடாமல், சற்றே குவிந்து தொங்குகிறது. முதல் ‘பக்கம்’ மூடிய வாயோடு முடிந்தது, இரண்டாவது திறந்த வாயோடு. வசனம் முழுவதிலும் உதடு ஒட்டும் இடங்கள் நான்கு. எழுத்தைப் பார்த்துச் செய்திருந்தால் ஐந்து வந்திருக்கும், அந்த ஐந்தாவதும் வசனத்தின் கடைசி வடிவமாக, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வந்திருக்கும்.

பொருத்தும் கருவியும் இல்லை, கையால் குறிக்க நேரமும் இல்லை என்றால் மாத்திரைக் கணக்கை மாற்று வழியாக வைத்துக்கொள்ளலாம். சொல் தொடங்கி முடியும் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு, உள்ளே நெடிலுக்கு இரண்டு, குறிலுக்கு ஒன்று, மெய்க்கும் குற்றியலுகரத்துக்கும் அரை என்று பங்கிட வேண்டும். உண்மைப் பேச்சு இந்த விகிதத்தில் ஓடுவதில்லை. இரட்டித்த மெய் அதிகம் எடுக்கும், வாக்கிய இறுதி உயிர் நீளும். எனினும் எல்லா எழுத்துக்கும் சமமாகப் பங்கிடும் வழக்கத்தைவிட இது பல மடங்கு மேல்.

நேரங்கள் கிடைத்தபின் அவற்றை அப்படியே வைத்து ஓட்டினால் வாய் பிந்தி வருவதுபோலத் தெரியும். காரணம், உதடு ஒலிக்கு முன்பே தன் இடத்துக்குப் போய்விடுகிறது. ஆகாரம் கேட்கும் கணத்தில் வாய் திறக்கத் தொடங்குவதில்லை, திறந்து முடித்திருக்கிறது. கையால் வரையும் அனிமேட்டர்கள் வினாடிக்கு 24 படங்கள் ஓடும் படத்தில் வாயை ஒன்றிரண்டு ஃபிரேம் முன்னால் வைப்பது வழக்கம். அதாவது 40 முதல் 80 மில்லிவினாடி. இதற்குப் புலன் சார்ந்த நியாயமும் இருக்கிறது. தொலைக்காட்சி ஒளிபரப்புக்காக ஐ.டி.யு. 1998இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி படத்தைவிட 45 மில்லிவினாடி முந்தினாலே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். பிந்துவது தெரிய 125 மில்லிவினாடி ஆகும். உலகில் எப்போதும் ஒளிதான் முதலில் வந்து சேர்கிறது. பத்து மீட்டர் தள்ளி நின்று பேசுபவரின் குரல் நம்மை அடைய 29 மில்லிவினாடி பிடிக்கிறது. வாய் முந்துவதை மூளை பொறுத்துக்கொள்ளும், குரல் முந்துவதைப் பொறுக்காது.

இங்கே பலரும் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. எல்லாவற்றையும் 60 மில்லிவினாடி முன்னால் தள்ளிவிட்டால் உயிர்கள் நன்றாக அமையும், ஆனால் பகரம் கெடும். வெடிப்பு 0.33இல் கேட்கும்போது உதடு 0.27இலேயே திறந்து கிடக்கும். ஆகவே மூடலின் தொடக்கத்தை மட்டும் முன்னால் நகர்த்த வேண்டும். திறப்பு வெடிப்போடு கட்டப்பட்டிருக்க வேண்டும். ‘தம்பி’யில் 0.16 அளவில் உதடு மூடத் தொடங்கி, 0.22க்குள் முழுதாக மூடி, 0.33 வரை அசையாமல் நிற்க வேண்டும். வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஆறாம் ஃபிரேம் வருவதற்குள் ஏறத்தாழ மூடிவிட்ட வாய் ஒன்பதாம் ஃபிரேம் வரை நின்று, பத்தில் திறக்கும்.

ஃபிரேம் எண்ணிக்கை குறைந்தால் வேறு தொல்லை வருகிறது. வினாடிக்கு 12 படங்கள் மட்டும் மாறும் பாத்திரத்தில் ஒவ்வொரு படமும் 83 மில்லிவினாடி நிற்கிறது. 0.26இல் மூடி 0.32இல் திறக்கும் தனிப் பகரம், 0.25இல் வரும் படத்துக்கும் 0.33இல் வரும் படத்துக்கும் நடுவே விழுந்து காணாமலே போகும். எனவே மூடலுக்கு ஒரு குறைந்தபட்ச நேரம் விதித்து, குறைவதை முந்தைய உயிரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பின்வரும் உயிரிடமிருந்து எடுத்தால் வெடிப்பு கெடும்.

இவ்வளவும் கோப்பில் சரியாக இருந்தும் விளையாட்டை ஓட்டும்போது பிசகலாம். வாய்க்குத் தனியாக ஒரு கடிகாரம் வைத்து, ஃபிரேம் நேரங்களைக் கூட்டிக்கொண்டே போவதுதான் வழக்கமான காரணம். யூனிட்டியில் ஒரு ஃபிரேம் திணறி நீண்டால், கூட்டப்படும் நேரத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. இயல்பாக ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் திணறினால் மிச்சத்தை அந்தக் கடிகாரம் இழந்துவிடும், ஒலியோ நிற்காமல் ஓடியிருக்கும். காட்சியை மெதுவாக்கும்போதும் இதே கதை: வாய் மெதுவாகும், குரல் ஆகாது. வாய் எப்போதும் ஒலியிடமே மணி கேட்க வேண்டும்:

```
float t = (float)src.timeSamples / src.clip.frequency;
float mouthTime = t - outputDelay;
```

`outputDelay` என்பது ஒலி நிரலை விட்டுக் கிளம்பிக் காதுக்கு வந்து சேரும் தாமதம். 48,000 ஹெர்ட்ஸில் 1,024 மாதிரிகள் கொண்ட ஓர் இடையகம் மட்டுமே 21 மில்லிவினாடி. புளூடூத் ஹெட்செட் போட்டால் தாமதம் அதைவிடப் பல மடங்கு கூடும். அதை ஆட்டக்காரரே சரிசெய்துகொள்ள அமைப்புகளில் ஒரு நகர்த்தி வைப்பதுதான் நேர்மையான வழி.

பிசகு எப்படிப்பட்டது என்பதைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை ஒரே அளவில் தள்ளியிருந்தால் தாமதம்தான் காரணம். வேவ் கோப்பில் நேரம் குறித்துவிட்டு விளையாட்டில் எம்பி3 வைத்திருந்தாலும் இப்படி ஆகும். அந்த வகைக் குறியாக்கம் தொடக்கத்தில் சுமார் 25 மில்லிவினாடி மௌனத்தைச் சேர்த்துவிடக்கூடும். வசனம் நீள நீளப் பிசகும் வளர்ந்தால் மாதிரி வீதம் குழம்பியிருக்கிறது. 44,100இல் பதிவானதை 48,000 என்று எண்ணிக் கணக்கிட்டால் பத்தாவது வினாடியில் சுமார் 0.8 வினாடி விலகியிருக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது ஓரிடத்தில் திடீரென்று விலகி, பிறகு அதே விலகலோடு தொடர்ந்தால், அங்கே ஏதோ ஒரு ஃபிரேம் திணறி வாயின் கடிகாரம் பின்தங்கிவிட்டது.

ஒலியன் பட்டியலே இல்லாமல், குரல் அலையிலிருந்து நேராக முக அசைவைக் கணிக்கும் நரம்பு வலைப்பின்னல் முறைகள் 2017இலிருந்து வேகமாக வளர்ந்திருக்கின்றன. எழுத்தைத் தொடுவதில்லை என்பதால் மேலே சொன்ன மகரச் சிக்கலும் உகரச் சிக்கலும் அவற்றுக்கு இயல்பாகக் குறைய வேண்டும். ஆனால் எந்த மொழிக்காரரின் முகத்தைப் பார்த்துப் பயின்றதோ அந்த மொழியின் உதடு அவற்றில் ஒட்டியிருக்கும். வகரம் அழுத்தமாக வரும், நீண்ட மூடல்கள் பாதியில் தளரும். அவை தரும் அசைவை எடுத்துக்கொண்டு, மூடல்களை மட்டும் பிராட் குறிப்புகளின்படி மேலெழுதுவது இன்றைக்கு நல்ல சமரசம். எல்லா வசனத்தையும் அப்படித் திருத்த ஆள் இல்லாத சிறு குழு, கேமரா முகத்துக்கு அருகில் வரும் வசனங்களை மட்டுமாவது திருத்தலாம்.

சரிபார்க்க, முதலில் ஒலியை அணைத்துவிட்டு வாயை மட்டும் பார்த்து உதடு ஒட்டும் தடவைகளை எண்ண வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேட்டு, ப, ம உண்மையில் மூடி ஒலிக்கும் இடங்களை எண்ண வேண்டும். படகோட்டியின் வசனத்துக்கு இரண்டும் நான்காக இருக்க வேண்டும். எண்ணிக்கை ஒத்துப்போனால், வினாடிக்கு 120 அல்லது 240 படம் எடுக்கும் கைபேசிக் கேமராவால் திரையையும் ஒலிபெருக்கியையும் சேர்த்துப் படம்பிடித்து, ஒரு பகரத்தின் வெடிப்புக்கும் உதடு பிரியும் ஃபிரேமுக்கும் உள்ள தூரத்தை எண்ணலாம். உதடு முன்னதாகவோ வெடிப்போடோ பிரிந்து, வித்தியாசம் ஒரு விளையாட்டு ஃபிரேமுக்குள் இருந்தால் அந்த வசனத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.